சுண்ணக்கட்டியில் ஒரு கடல் போர்

அன்புள்ள சண்முகம்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாததற்கு நீ திட்டியது காதில் விழுந்தது. கண் அறுவை முடிந்து இப்போதுதான் படிக்க விட்டிருக்கிறார்கள். உன் பெரியவனுக்கு வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜில் இடம் கிடைத்ததைப் படித்ததும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் முதலில் அவருக்குத்தான் லட்டு.

ஆனால் நீ எழுதியிருந்த இன்னொரு வரி என்னை விடவில்லை. “மேஜர் ஆன பிறகும் ஒரு வருஷம் வரைபடத்தை விரித்து விளையாட்டா?” என்று கேட்டிருந்தாய். உனக்கு லிவர்பூல் கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

1942 தொடக்கம். அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸை லிவர்பூலுக்கு அனுப்பி, இதற்கு வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவரிடம் இருந்தது ஒரு பெரிய அறை, சுண்ணக்கட்டி, கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். அவ்வளவுதான்.

தரைதான் கடல். அதில் கட்டம் போட்டு, கான்வாய் எனும் சரக்குக் கப்பல் கூட்டம், அதன் காவல் கப்பல், நீர்மூழ்கி எல்லாவற்றையும் நகர்த்தினார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் சுற்றிலும் கட்டியிருந்த திரைகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சின்னத் துவாரம் வழியாக மட்டுமே பார்க்கலாம், அதுவும் தன் கப்பலிலிருந்து தெரியக்கூடியதை மட்டும். காவல் கப்பலின் பாதை வெள்ளைச் சுண்ணத்தில், நீர்மூழ்கியின் பாதை பச்சையில். துவாரத்தின் தாழ்ந்த கோணத்திலிருந்து பச்சை கண்ணுக்குப் படாது. ஒரு நகர்வுக்கு 2 நிமிடம். அதற்குள் உத்தரவை எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவர்களை வெளியே கூப்பிட்டுத் தரையைக் காட்டுவார்கள். தான் துரத்திய இடம் எது, எதிரி இருந்த இடம் எது என்று இரண்டு நிறக் கோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். எந்த நிமிடத்தில், எதை நம்பித் தவறான பக்கம் திரும்பினோம் என்பதை அவரே விரல் வைத்துக் காட்ட முடியும். அங்கேதான் பாடம் ஏறியது.

வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததோடு நிற்கவில்லை, புதிதாக ஒன்றைக் கண்டும் பிடித்தார்கள். நீர்மூழ்கி கான்வாய்க்கு வெளியே நின்று சுட்டுவிட்டு ஓடுகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அதனால் காவல் கப்பல்கள் வெளிப்பக்கம் பாய்ந்து தேடின. ராபர்ட்ஸ் 1941 டிசம்பரில் ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பிய ஒரு கான்வாயின் அறிக்கைகளைத் தரையில் போட்டுப் பார்த்தார். நடு வரிசையில் இருந்த கப்பலுக்கு அடி விழுந்திருந்தது. வெளியே இருந்து சுட்டால் அது எப்படி? நீர்மூழ்கி இருட்டில் நீர்மட்டத்தில் மிதந்தபடி, பின்பக்கமாக கான்வாய்க்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. சுட்ட பிறகு மூழ்கி, கப்பல்கள் தலைக்குமேல் கடந்துபோகும்வரை அடங்கிக் கிடக்கிறது. அப்படியானால் தேட வேண்டியது கான்வாயின் பின்னால். காவல் கப்பல்கள் பின்னே வந்து, வரிசையாக நின்று, அஸ்டிக் ஒலிக்கருவியால் அந்த இடத்தைச் சல்லடை போட வேண்டும். இந்த முறைக்கு ‘ராஸ்ப்பெரி’ என்று பெயர் வைத்தது ஜீன் லெயிட்லா என்ற இளம்பெண்.

பிறகு கான்வாய்ப் பாதுகாப்புக்குத் தலைமை ஏற்ற அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் முதல் உலகப் போரில் பேர்போன நீர்மூழ்கிக்காரர். அவரே நீர்மூழ்கியாக ஆடி, எதிர்ப்பக்கம் நின்ற மகளிர் பிரிவு ஜேனட் ஓகெல்லிடம் திரும்பத் திரும்பத் தோற்றார். அவளுக்கு இருபதை ஒட்டிய வயது!

தரை ஆட்டத்தில் குளிரும் தூக்கமின்மையும் வராது, ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் ஸ்காட்லாந்தின் டோபர்மோரியில் புதுக் கப்பல்களையும் சிப்பந்திகளையும் தண்ணீரிலேயே வாட்டி எடுத்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அதே 1942 மே மாதம் ஜப்பானியர்களும் பசிபிக்கில் அமெரிக்கர் கையிலிருந்த மிட்வே தீவின் மீதான தாக்குதலை, தங்கள் யமாட்டோ போர்க்கப்பலில் ஆடிப் பார்த்தார்கள். அமெரிக்க விமானங்களின் குண்டு 9 விழுந்து, ஜப்பானின் இரண்டு விமானந்தாங்கிகள் போயின என்று நடுவர் சொன்னார். ஆட்டத்தை நடத்திய உகாகி 9-ஐ 3 ஆக்கினார்; ஒரு கப்பல் தப்பியது. மூழ்கியதாக எழுதிய இன்னொரு கப்பலான ககாவும் அடுத்த ஆட்டத்தில் மறுபடி மிதந்தது. ஜூனில் நிஜமாகவே நான்கு போயின. அங்கேயும் நடுவரும் விதிகளும் இருக்கத்தான் செய்தார்கள், சண்முகம். எதிரி ஜெயிக்க மட்டும் யாரும் விடவில்லை.

அதனால் பெரியவனிடம் இதைச் சொல். அவனுக்கு எதிரிப் பக்கம் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, ஜெயிக்கவே ஆடட்டும். திட்டம் போட்டவர் மூத்தவர் என்பதற்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். தன் திட்டம் உடைந்தால், நடுவரிடம் வாதாடுவதை விட்டு எந்த இடத்தில் உடைந்தது என்று எழுதி வைக்கட்டும்.

கமலாவின் முழங்கால் எப்படி? பட்டாளத்து மாப்பிள்ளை பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அது பெரிய கதை. பெரியவன் குன்னூரில் வீடு பிடித்ததும் விலாசம் அனுப்பு.

உன்,
பாலு