உமையாளுக்கு: ஒரு கதையும் ஒரு கவிதையும்

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே ஆத்தாவும் அப்பத்தாவும் நலம்.

போன வாரம் தொலைபேசியில், ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் படித்ததாகவும், கதை புரிந்தாலும் அதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை என்றும் சொன்னாய். அதை யோசித்தபடியே இரண்டு நாள் இருந்தேன். இப்போது ஒரு கதையையும் ஒரு கவிதையையும் மட்டும் பிரதி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன்.

கதை, கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. அவர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவல் ஊர்க்காரர், கி. ராஜநாராயணனும் அதே ஊர்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ஒரு பணக்கார வீட்டுப் பையனும் உன்னிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போடுவதில் கதை தொடங்குகிறது. தீபாவளி நெருங்கும் நேரத்தில், உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த, நாதியற்ற ஒரு சிறுவன் அந்த ஏழை வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. பணக்கார வீட்டுக்கும் ஒரு ராஜா வருகிறார். அவர் ஜமீன் வீட்டு மாப்பிள்ளை. இதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை.

தலைப்பை மட்டும் மறுபடி பார். ‘வந்திருக்கிறான்’ என்று இல்லை, ‘வந்திருக்கிறார்’ என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றேதான். அரசன் வந்தாலும் அநாதை வந்தாலும் அந்தச் சொல்லில் மாற்றம் இருக்காது. தமிழில் வினையின் கடைசி எழுத்துகளே ஆளை உட்கார வைக்கும் இடத்தைச் சொல்லிவிடுகின்றன. நம் வீட்டு முகப்பில் மாப்பிள்ளை காலெடுத்து வைத்ததும் உன் அப்பத்தா உள்ளே பார்த்து ‘வந்திருக்காக’ என்று குரல் கொடுப்பதையும், அதே வாயால் தோட்டக்காரப் பையனை ‘வந்திருக்கான்’ என்பதையும் கேட்டே நீ வளர்ந்தவள். அந்தக் காதோடு கதையைப் படி. யார் யாரை எந்த விகுதியால் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டே போனால், கந்தலோடு வந்த அந்தப் பிள்ளைக்கு இந்த ‘ஆர்’ எப்படிப் பொருந்துகிறது என்பது உனக்கே தெரியும். நீ படித்த மொழிபெயர்ப்பில் விடுபட்டதும் இப்படி ஏதாவதொன்றாகத்தான் இருக்கும். மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லவும் முடியாது.

எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது உரையாடல்கள்தான் உன்னை நிறுத்தும், ஏனென்றால் அவை பேச்சு வழக்கில் இருக்கும், அகராதியிலும் கிடைக்காது. அங்கே கண்ணை நம்பாமல் வாய்விட்டுப் படி. ஒரு வரி புரிந்தும் அதைச் சொல்பவர் கோபமாகச் சொல்கிறாரா, கொஞ்சிச் சொல்கிறாரா என்று தெரியாவிட்டால், மனத்துக்குள் ஆங்கிலமாக்கிப் படிக்கிறாய் என்று அர்த்தம். அந்தப் பத்தியை மறுபடி உரக்கப் படி. சிறுகதை எழுத்தாளர் மௌனியை இப்போது தொடாதே. அவருடைய வாக்கியங்கள் நினைவுக்குள்ளேயே சுழல்பவை, தமிழில் வேகம் வந்த பிறகே அவை பிடிபடும்.

கவிதை, பிரமிளின் ‘காவியம்’. திருகோணமலையில் பிறந்த அவர், சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் எழுதியவர். புதுக்கவிதை யாப்பை விட்டுவிட்டது என்பதால் ஓசையையும் விட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் பள்ளி நாளில் அப்படித்தான் நினைத்தேன், இந்தச் சில வரிகள்தான் அதை மாற்றின. சிறகிலிருந்து பிரிந்த இறகு ஒன்று காற்றில் போகிறது, அவ்வளவுதான் காட்சி. ‘சிறகு’ என்று எழுதி, முதல் எழுத்தில் உள்ள மெய்யை மட்டும் எடுத்துவிட்டுப் பார்: ‘இறகு’. பறவையின் உடம்பில் நடந்த பிரிவு சொல்லுக்குள்ளும் நடந்திருக்கிறது. கவிஞர் எண்ணிச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை, காதில் அது விழுகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் இப்படி ஓர் உறவு கிடையாது.

பிறகு அந்த இறகு, ‘காற்றின் தீராத பக்கங்களில்’ பறவையின் வாழ்வை ‘எழுதிச் செல்கிறது’. ‘எழுதுகிறது’ என்று முடித்திருந்தால் இறகு ஓரிடத்தில் நின்றுவிட்டிருக்கும். ‘செல்கிறது’ என்ற துணைவினை வந்ததும், எழுதுவதும் விலகிப் போவதும் ஒரே செயலாகிவிடுகின்றன. வாக்கியத்தின் கடைசியில் வினை வருவதால், இறகு என்ன செய்கிறது என்று தெரியும்போது கவிதையும் முடிந்துபோகிறது. இத்தனை சிறிய ஒன்றுக்குக் காவியம் என்று பெயர் வைத்ததையும் அப்போது யோசித்துப் பார்.

கவிதையை முதலில் படித்துவிடாதே, ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு வைத்துவிடுவாய். கதையில் பத்துப் பக்கம் தமிழில் நடந்த பிறகு அதை எடு. கதையில் அந்தச் சிறுவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் இடத்துக்கு வந்ததும் எனக்குக் கூப்பிடு. இங்கே ராத்திரி ஆகியிருந்தாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பச்சி