ஐந்தாம் வகுப்புத் தோட்டத்திற்கு வீட்டிற்கு ஒருவர் வாருங்கள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வணக்கம்.

இந்த ஆடியில் வகுப்புக்குக் காய்கறித் தோட்டம் போடப் போகிறோம் என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுத்தான் போன வியாழக்கிழமை உங்களில் நான்கு பேர் பள்ளிக்கு வந்தீர்கள். "மண்வெட்டி எங்களோடு போகட்டும் என்றுதானே பிள்ளையைப் படிக்க அனுப்புகிறோம். இங்கேயும் மண்ணைக் கிளறச் சொன்னால் எப்படி டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகளை, அதிலும் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் பெருக்கவும் கழுவவும் விட்ட கதைகள் எனக்கும் தெரியும். ஆகவே முதலில் எழுத்திலேயே தருகிறேன்: எந்தப் பிள்ளையும் மண்வெட்டியைத் தொடாது. கொத்துவதும் சுமப்பதும் பெரியவர்கள் வேலை. விதைப்பதும் நீர் ஊற்றுவதும் அளப்பதும் எழுதுவதும் பிள்ளைகள் வேலை. அதையும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வைத்து, ஆண் பெண் வேறுபாடின்றி 34 பேரும் செய்வார்கள்.

பெரியவர்கள் வேலை என்றேன். அதற்காகத்தான் இந்த மடல். வரும் சனிக்கிழமை காலை, வீட்டிற்கு ஒருவர், இரண்டு மணி நேரம் வாருங்கள்.

சென்ற ஆண்டு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் அதைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதே பிள்ளைகள் அப்போது நான்காம் வகுப்பு. ஆளுக்கு ஒரு வெண்டைச் செடி. ஒருத்தி தன் செடிக்குப் பக்கத்தில் ஸ்கேலை நட்டுவைத்து, பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் உயரத்தை நோட்டில் குறித்தாள். வெள்ளிக்கிழமை மாலை மொட்டு தடித்திருந்தது. திங்கட்கிழமை பூத்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுற்றுச்சுவர் இடிந்த இடத்தில் நான் கட்டிவைத்த கருவேல முள்ளை யாரோ குறுக்கு வழிக்காக இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆடுகள் உள்ளே வந்தன. திங்கள் காலை பாத்தியில் நின்றவை முழம் உயரக் குச்சிகள். அவள் அழவில்லை. ஸ்கேலைப் பிடுங்கித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். நோட்டில் 41ஆம் நாளுக்குப் பிறகு எதுவும் இல்லை.

ஆடு யாருடையது என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பாதையில் தினமும் நடப்பவர்கள் நீங்கள். முள் விலகிக் கிடந்ததைப் பார்த்தவர்களும் உங்களில் இருந்திருப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் மறுபடி தோட்டம் என்று கேட்கலாம். நம் ஊரில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. காய்கறி சந்தையிலிருந்து வருகிறது. சென்ற ஆண்டுச் செடிகளும் காய்க்கும் முன்பே போய்விட்டன. வெண்டைக்காய் எப்படிக் காய்க்கிறது என்று வகுப்பில் கேட்டேன். கிழங்கு போல மண்ணுக்குள் என்று மூன்று பேர் சொன்னார்கள். மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். புத்தகத்தில் மகரந்தச் சேர்க்கைக்குப் படம் இருக்கிறது. ஆனால் வெண்டைப்பூ காலையில் விரிந்து அன்றே வாடுவதையும், அடுத்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பருவத்திற்கு வருவதையும் எந்தப் படமும் காட்டாது. பறிக்கத் தவறினால் காய் நாராகிவிடும். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. சராசரி, பரப்பளவு, லிட்டர் எல்லாம் அந்தப் பாத்தியிலேயே கற்றுக்கொடுக்க முடியும்.

வேலை இதுதான். பத்தடிக்கு நாலடியில் மூன்று பாத்திகள். இரண்டில் வெண்டை, ஒன்றில் சிறுகீரை. ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசை, செடிக்குச் செடி ஓரடி என்றால் ஒரு பாத்திக்கு 20 செடி. இரண்டு பாத்தியில் 40. ஆளுக்கு ஒன்று போக ஆறு கூடுதல், முளைக்காதவர்களுக்கு அவை. நாற்று விட வேண்டாம், விதை கைக்கு அடக்கமாக இருக்கும், காலாண்டுத் தேர்வுக்கு முன்பே காய்த்துவிடும் என்பதால்தான் வெண்டை.

கடினமானது மண். வகுப்புக் கட்டடம் கட்டியபோது கொட்டிய செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் அரையடி ஆழத்திலேயே கிடக்கின்றன. சென்ற ஆண்டு நான் தனியாக மேலாகக் கொத்தியதால் ஓரத்து வரிசையில் செடிகள் வெளிறிக் குட்டையாகவே நின்றன. ஓரடி ஆழம் கொத்திக் கல்லைப் பொறுக்கிவிட்டு, பாத்திக்கு இரண்டு கூடை மக்கிய எரு கலக்க வேண்டும். எரு மக்கியதா என்று கையில் அள்ளினால் தெரியும்: சாண வாடை இருக்காது, உள்ளே சூடு இருக்காது, பொலபொலவென்று உதிரும். பச்சைச் சாணம் போட்டால் வெண்புழு வரும், இளவேர் கருகும். ஆடு வளர்ப்பவர்கள் பழைய ஆட்டு எரு தந்தால் மிக நல்லது.

தண்ணீருக்கு உங்களிடம் குடம் கேட்க மாட்டேன். குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது எனக்கும் தெரியும். மதிய உணவுக்குப் பிறகு 34 பிள்ளைகள் தட்டுக் கழுவும் தண்ணீரே ஏறத்தாழ 50 லிட்டர் வரும். பாத்திக்கு ஒரு குடம் என்று மூன்றுக்கும் போதும். சோப்புப் போடாமல் கழுவி, வலையில் பருக்கைகளை வடித்து, அன்றைக்கே ஊற்றிவிடுவோம். தேங்கினால் புளித்து எறும்பு மொய்க்கும்.

மருந்து அடிக்க மாட்டோம். இலை நரம்பு மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். தன் செடியைப் பிடுங்கக் கொடுக்கும் பிள்ளைக்குக் கூடுதலான ஆறில் ஒன்று போகும். காய் வந்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் அரை கிலோவுக்குச் சற்று மேலே கிடைக்கும். ஊருக்கே சாம்பார் வைக்க முடியாது, வகுப்புக்குப் பொரியலாகும். சத்துணவு அம்மா சமைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சுற்றுச்சுவர் கேட்டு மூன்று ஆண்டுகளாக மனு எழுதுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த மனுவைப் படிக்கும்போது என் எதிரே நான்கைந்து பேர்தான் அமர்ந்திருப்பீர்கள். சான்றிதழில் கையெழுத்து வாங்கும் நாளில் வராந்தாவில் நிற்க இடமிருக்காது. சுவர் இல்லாத பள்ளி உங்கள் பிள்ளையின் பள்ளி இல்லையா? மூன்று பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு இருக்கும் மதிப்பும் முப்பது பேர் கையெழுத்திட்ட மனுவுக்கு இருக்கும் மதிப்பும் ஒன்றாகுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். பலரும் விடியலில் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர்கள். சனிக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அதனால் காலை ஆறு முதல் எட்டு வரை என்று வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போகலாம். தாத்தா, பாட்டி, அண்ணன் யார் வந்தாலும் சரி. மண்வெட்டியோ கடப்பாரையோ இருந்தால் கொண்டுவாருங்கள். பாதிப்பேர் கொத்தட்டும், பாதிப்பேர் இடிந்த இடத்தை முள்ளால் அடைக்கட்டும். குறுக்கு வழி வேண்டும் என்பவர்கள் அன்றைக்கே சொல்லுங்கள், ஆள் மட்டும் நுழைய ஒரு படல் வைத்துவிடலாம்.

வீட்டிற்கு ஒருவர், இரண்டு மணி நேரம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவும் முடியாத வீடுகள், ஐப்பசி வரைக்கும் சனி ஞாயிறுகளில் ஆட்டைக் கட்டிப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் வகுப்பாசிரியை