"ஆம்" என்று டிக் அடிக்க மட்டும் சொல்லித்தராதீர்கள்: கணினிப் பணித்தாள் தயாரித்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுத்த "நம் வகுப்பின் கால அட்டவணை" பணித்தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். சுவரில் இருக்கும் அட்டவணையைப் படம் எடுத்து, கணினியின் விரிதாளில் கட்டம் போட்டுத் தட்டச்சு செய்து, அழகுபடுத்தி, சரிபார்த்து, அச்சடிக்கும் அந்தப் பயிற்சியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் ஆறாவது படியைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருக்கிறது. "அட்டவணை சரியாக உள்ளதா எனச் சரிபார்க்கவும். ஆம் / இல்லை." அந்தப் படியில் இருப்பது அவ்வளவுதான். அதை மாற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் மகள் "ஆம்" என்று டிக் அடித்திருந்தாள். பத்துக்குப் பத்து வாங்கினாள். அச்சடித்த தாளைப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்து, தினமும் அதைப் பார்த்துத்தான் பையை அடுக்கினாள். செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளை உடற்கல்வி என்று அதில் இருந்தது. கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போனாள். வகுப்பில் நடந்ததோ ஓவியம். நோட்டு இல்லை, கலர் பென்சில் இல்லை. பாடவேளை முழுக்க நின்றாள். மறுநாள் ஓவிய நோட்டோடு போனாள். அன்றுதான் உடற்கல்வி. ஷூ இல்லாததால் மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த வாரமும் இதே கதை. ஓவியம் வாரத்துக்கு ஒரே ஒரு பாடவேளை. அவளுக்கு மிகப் பிடித்தது அதுதான், இரண்டு வாரமும் போய்விட்டது. "டேபிள்ல இப்படித்தான்பா இருக்கு, சார்தான் மாத்திட்டாங்கபோல" என்றாள். பத்துக்குப் பத்து வாங்கிய தாள் தப்பாக இருக்கும் என்று ஒரு பிள்ளைக்கு எப்படித் தோன்றும்?

நான் அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவன். அன்று ராத்திரி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த படத்தையும் அவளுடைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தேன். மூன்று இடத்தில் பிழை. மூன்றும் மூன்று விதம்.

முதலாவது வியாழக்கிழமை. சுவரில் இருந்த அட்டவணையில் மூன்றாம், நான்காம் பாடவேளைகளைச் சேர்த்து ஒரே நீளக் கட்டத்தில் "கணினி" என்று எழுதியிருக்கிறார்கள். இவள் ஒரு கட்டத்தில் மட்டும் அதை அடித்துவிட்டாள். அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு கட்டம் காலியானது. உங்கள் பணித்தாள் "காலிக் கட்டம் இருக்கக் கூடாது" என்கிறதே, அதனால் ஏழையும் எட்டையும் ஒன்றாக இணைத்து அடைத்துவிட்டாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

இரண்டாவது, அறிவியலும் ஆங்கிலமும். சுவரில் இடம் போதாமல் அறிவியலுக்கு "அ" என்றும் ஆங்கிலத்துக்கு "ஆ" என்றும் சுருக்கி எழுதியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும். பெரிதாக்கிப் பார்த்தால் "ஆ"வின் அடியில் இருக்கும் சுழி கரைந்து "அ" போலவே தெரிகிறது. அப்படி ஓர் ஆங்கிலப் பாடவேளை அறிவியலாகிவிட்டது. அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பியிருந்தால் எடுத்தபடியே தெளிவாக வந்திருக்கும். இந்த ஒரு வரி முதல் படியில் இருந்திருக்கலாம். "புகைப்படம் எடுக்கவும்" என்பதோடு அது முடிந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் அவளை நிற்கவைத்தது. படத்தை யாரோ கதவுப் பக்கம் நின்று சாய்வாக எடுத்திருக்கிறார்கள். இடது பக்கக் கட்டங்கள் பெரிதாக இருக்கின்றன. வலது பக்கம் போகப் போகச் சிறுத்து, வரிகள் ஒன்றோடு ஒன்று நெருங்கிவிடுகின்றன. செவ்வாய் வரியைப் படித்துக்கொண்டே போன கண், ஆறாம் பாடவேளை தாண்டியதும் புதன் வரியில் இறங்கிவிட்டது. ஏழாவது, எட்டாவது கட்டங்களில் புதனுக்குரிய சமூக அறிவியலும் உடற்கல்வியும் செவ்வாய்க்கு வந்தன. அப்புறம் புதனுக்கு வந்தபோது, மிச்சமிருந்த கணிதத்தையும் ஓவியத்தையும் அங்கே போட்டிருக்கிறாள்.

"சரிபார்த்தியாம்மா?" என்று கேட்டேன். "பார்த்தேன்பா, எல்லாக் கட்டத்துலயும் எழுதியிருந்துச்சு" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்படிச் சரிபார்ப்பது என்று அந்தத் தாளில் எங்கேயும் சொல்லவில்லை. அவளுடைய தோழிகள் நான்கு பேரின் தாளையும் வாங்கிப் பார்த்தேன். நான்கிலும் "ஆம்" என்று டிக் இருந்தது. நான்கிலும் ஏதாவது ஒரு பிழையும் இருந்தது. டீச்சரையும் குறை சொல்ல முடியாது. எல்லைக்கோட்டுக்கு 2, தலைப்பின் வண்ணத்துக்கு 2, எழுத்தின் அளவுக்கு 2, நடுவில் நிறுத்தியதற்கு 2, அச்சடித்ததற்கு 2 என்று நீங்கள் பிரித்துக் கொடுத்தபடியே அவர் போட்டிருக்கிறார். அட்டவணை உண்மையா என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன்: ஆறாவது படியை மாற்றி எழுதித் தாருங்கள். எப்படி என்றும் சொல்கிறேன். அன்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து செய்து பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் எண்ண வேண்டும். இடைவேளைக்குத் தனிக் கட்டம் போடாமல், A வரிசையில் கிழமைகள், B முதல் I வரை எட்டுப் பாடவேளைகள், முதல் வரியில் தலைப்பு என்று வைத்துக்கொண்டால், ஐந்து நாளுக்கு 40 கட்டங்கள். வெளியே ஒரு காலிக் கட்டத்தில் இதை அடித்தால் போதும்:

```
=COUNTA(B2:I6)
```

எழுத்து இருக்கும் கட்டங்களை இது எண்ணிச் சொல்லும். மகளின் அட்டவணைக்கு 39 வந்தது. இணைத்த கட்டங்கள் எத்தனை இருந்தாலும் கணினிக்கு அது ஒரே கட்டம்தான் என்பதால், அவள் அடைத்துவைத்த காலியிடம் உடனே வெளியே வந்துவிட்டது. இதனால் இன்னொன்றையும் பணித்தாளில் எழுத வேண்டும். இரட்டைப் பாடவேளையை இரண்டு கட்டத்திலும் தனித்தனியாக அடிக்கச் சொல்லுங்கள். கட்டங்களை இணைக்கும் வேலையைச் சரிபார்த்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் சரியாகச் செய்த பிள்ளைக்கும் 39தான் வரும்.

அடுத்து, பாடம் பாடமாக எண்ண வேண்டும்.

```
=COUNTIF(B2:I6,"அறிவியல்")
```

எங்கள் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஒவ்வொன்றுக்கும் வாரம் 7 பாடவேளை, சமூக அறிவியலுக்கு 6, உடற்கல்விக்கும் கணினிக்கும் இரண்டிரண்டு, ஓவியத்துக்கும் நூலகத்துக்கும் ஒவ்வொன்று. கூட்டினால் 40. மகளின் அட்டவணையில் அறிவியல் 8, ஆங்கிலம் 6, கணினி 1 என்று வந்தது. படத்தில் "அ" என்று தெரிந்த கட்டங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தோம். ஒன்றில் சுழியின் மிச்சம் லேசாகத் தெரிந்தது. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் ஒரு நிமிடத்தில் கிடைத்தது. இந்த எண்ணிக்கைகளை வகுப்பாசிரியரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து எண்ணக் கூடாது. அதே மங்கலான படத்தை எண்ணினால் அதே தப்பான எண்தான் வரும். இன்னொரு விஷயம். "தமிழ்" என்று அடித்த பிறகு தெரியாமல் ஸ்பேஸ் தட்டிவிட்டால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் கட்டத்தை இது எண்ணாது. மொத்தக் கட்டங்கள் 40 வந்தும் பாடங்களின் கூட்டுத்தொகை 39 வந்தால், எங்கோ ஒரு பெயர் வேறு மாதிரி அடிக்கப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஒரு வரி சொல்லுங்கள்.

ஆனால் செவ்வாயும் புதனும் மாறிய பிழை இந்த இரண்டு கணக்கிலும் சிக்காது. பாடம் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை, கிழமைதான் மாறியிருக்கிறது. அதற்கு அச்சகத்து வழிதான் உண்டு. மூலப் படியை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், அச்சான தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் கேட்டபடி பார்த்துவருவார். தான் அடித்ததைத் தானே பார்த்தால், அடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பதையே கண் வாசிக்கும். அட்டவணைக்கு இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். அடிக்கும்போது குறுக்காக, கிழமை கிழமையாகத்தான் அடித்தார்கள். படிக்கும்போது நெடுக்காக, பாடவேளை பாடவேளையாகப் படிக்கட்டும். நான் படத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏழாம் பாடவேளை. திங்கள் தமிழ். செவ்வாய் கணிதம்" என்றதும் மகள், "நில்லுங்கப்பா, இங்க சமூக அறிவியல்னு இருக்கு" என்றாள். நெடுக்காகப் படித்தால், மேலிருந்து இரண்டாவது கட்டம் செவ்வாய், மூன்றாவது புதன், அவ்வளவுதான். சாய்ந்த வரியைப் பிடித்துக்கொண்டு கண் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நாற்பது கட்டமும் படித்து முடிக்க எங்களுக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த ஒரு தாளோடு நிற்கிற விஷயமாகவும் எனக்குப் படவில்லை. நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டிருக்கிறதா, மார்ஜின் இழுத்திருக்கிறதா, தலைப்பைப் பச்சை மையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோம். கடையில் காசு கொடுத்துச் செய்த ப்ராஜெக்ட்டுக்கு முழு மதிப்பெண், தானே செய்துவந்த கோணல்மாணலான சார்ட்டுக்குப் பாதி. பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். பளிச்சென்று இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏழாம் வகுப்பிலேயே நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். எழுதும்போதே கோபம் வருகிறது. மன்னியுங்கள், இதையெல்லாம் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆறாவது படியில் இருக்கும் "ஆம் / இல்லை"யை எடுத்துவிட்டு, மொத்தக் கட்டங்களை எழுத ஓர் இடம், பாடவாரியாக "இருக்க வேண்டியது", "இருப்பது" என்று இரண்டு வரிசை, படித்துக்காட்டிய தோழர் அல்லது தோழியின் பெயருக்கு ஓர் இடம், கண்டுபிடித்த பிழைகளை எழுத மூன்று கோடு, இவ்வளவு வையுங்கள். பத்தில் ஐந்து மதிப்பெண்ணை இதற்குக் கொடுங்கள். பிழை கண்டுபிடித்து எழுதிய பிள்ளைக்கு அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்று ஆசிரியர் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். குறைப்பார்கள் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் பிழையை எழுதிக் காட்டாது.

அடுத்த பருவத்துக்குக் கால அட்டவணை மாறும். பிள்ளைகள் மறுபடியும் படம் எடுத்து, இதே பணித்தாளை வைத்துத்தான் அடிக்கப்போகிறார்கள். அதற்குள் திருத்திய தாளை அனுப்பிவைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ப்ரூஃப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வந்து பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா