மாதிரித் தேர்வு வினாத்தாள் குழுவினர்க்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினர்க்கு,

வணக்கம். கடந்த மாதிரித் தேர்வின் சமூக அறிவியல் தாளில் 'மழைநீர் சேகரிப்பின் பயன்களை மதிப்பிடுக' என்ற ஐந்து மதிப்பெண் வினாவை உயர்சிந்தனை வினா என்று வடிவமைப்பு அட்டவணையில் குறித்திருந்தீர்கள். விடைக்குறிப்பில் இருந்தவையோ பாடநூலின் ஐந்து வரிகள். அவற்றை ஒப்பித்தவர்கள் முழு மதிப்பெண் பெற்றார்கள். வடசென்னை மாணவி ஒருத்தி, தன் தெருவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரையை ஒட்டி உயர்ந்துவிடுவதால் உறிஞ்சுகுழி நீரை ஏற்பதில்லை, அங்கே தொட்டிதான் பொருந்தும் என்று காரணத்தோடு எழுதியிருந்தாள். அந்த வினாவுக்கு உண்மையில் மதிப்பிட்டு எழுதியவள் அவள் ஒருத்தியே. குறிப்பில் இல்லை என்பதால் அவளுக்குக் கிடைத்தது ஒரு மதிப்பெண்.

1956-இல் புளூம் குழுவினர் வகுத்து, 2001-இல் திருத்தப்பட்ட, நினைவுகூர்தலில் தொடங்கும் சிந்தனைத் திறனின் ஆறு படிநிலைகள் தாங்கள் அறியாதவை அல்ல. 'மதிப்பிடுக' என்ற வினைச்சொல் வினாவை மதிப்பிடுதல் என்ற ஐந்தாம் நிலைக்கு உயர்த்திவிடாது. விடை ஏற்கெனவே பாடநூலிலோ வழிகாட்டி நூலிலோ அச்சாகியிருந்தால் அது நினைவுகூர்தல் வினாதான். ஆகவே மாணவர் முன்பு காணாத ஒரு சூழலை வினாவுக்குள்ளேயே தர வேண்டுகிறேன்.

அதே பாடத்தில் இப்படிக் கேட்கலாம்: நால்வர் வாழும் வீட்டின் கூரை 100 சதுர மீட்டர், ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ.; கிணற்று நீர் கோடையில் உவர்ப்பாகிறது; குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் தேவை. 5,000 லிட்டர் தொட்டி, கிணற்றுக்கு நீரூட்டும் உறிஞ்சுகுழி ஆகிய இரண்டில் ஒன்றுக்கே பணம் உண்டு. எதைப் பரிந்துரைப்பீர்கள்?

சேதாரத்தை விட்டுவிட்டால், 50 மி.மீ. மழையிலேயே அத்தொட்டி நிரம்பிவிடும். மீதி மழை வீணாகும் என்று ஒருவர் குழியின் பக்கம் வாதிடலாம். நிரம்பிய தொட்டி 250 நாள் குடிநீருக்குப் போதும் என்று மற்றொருவர் எழுதலாம். இரண்டும் சரியான விடைகளே. இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அளவுகோலைச் சொல்வதற்கு ஒன்று, தரவைக் கணக்கிட்டுப் பயன்படுத்துவதற்கு இரண்டு, ஒதுக்கிய வழியின் வலிமையை ஒப்புக்கொள்வதற்கு ஒன்று, முரணில்லாத முடிவுக்கு ஒன்று என விடைக்குறிப்பு அமையட்டும்.

இத்தகைய வினாவைத் திருத்துவதில் ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறும் என்ற தங்கள் அச்சம் நியாயமானது. திருத்தும் பணிக்கு முன் பத்து விடைத்தாள்களை இருவர் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டால், குறிப்பில் எந்த வரி தெளிவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். அதற்கு ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகலைக்கூட ஒதுக்காமல், பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் குறை சொல்வது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. மனப்பாடத்துக்கு மதிப்பெண் தருபவர்கள் நாம்தானே.

எல்லா வினாக்களையும் இப்படி மாற்றக் கோரவில்லை. தாளுக்கு இரண்டு வினாக்கள் போதும். ஆனால் அவ்விரண்டும் பெயரளவில் இல்லாமல் உண்மையாகவே மதிப்பிடச் சொல்லட்டும். விடைக்குறிப்பும் அதற்கேற்ப அமையட்டும். அடுத்த தேர்வின் வடிவமைப்பு அட்டவணையோடு, இவ்விரு வினாக்களின் மதிப்பீட்டு அளவுகோலையும் முன்னதாகவே பாட ஆசிரியர்களுக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை, சென்னை