கம்பி ஃபிட்டரை ‘ஹெல்பர்’ என்று எழுதாதீர்கள்: மதுரை கான்ட்ராக்டர்களுக்கும் சைட் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதுரையில் ரயில்வே, விமான நிலையம் முதலான மத்திய அரசுக் கட்டுமானப் பணிகளை எடுத்து நடத்தும் கான்ட்ராக்டர்களுக்கும், அந்தப் பணிகளின் பில்லைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

மஸ்டர் ரோலில் தொழிலாளியின் பெயருக்குப் பக்கத்தில், அவர் என்ன வேலை செய்கிறார் என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. பல சைட்டுகளில் அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ‘ஹெல்பர்’ என்ற ஒரே சொல்தான் நிற்கிறது. கம்பி வளைக்கிறவரும் ஹெல்பர், அந்தக் கம்பியைத் தூக்கி வந்து போடுகிறவரும் ஹெல்பர். இந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் பேசவே இந்த மடல்.

மத்திய அரசின் கட்டுமானப் பணிகளுக்கான குறைந்தபட்சக் கூலி நான்கு படிகளில் இருக்கிறது: திறன் தேவைப்படாத வேலை, செமி ஸ்கில்டு, ஸ்கில்டு, ஹைலி ஸ்கில்டு. ஊர்களும் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மதுரை மாநகரமும் அதை ஒட்டிய நகர்ப்பகுதியும் ‘பி’. பட்டியலில் பெயர் இல்லாத ஊர்கள் எல்லாம் ‘சி’. அடிப்படைக் கூலி 2017 ஜனவரி 19 அறிவிப்பில் வந்தது. அதன் மேல் சேரும் பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய இரு தேதிகளில் மாறும். 2024 அக்டோபர் 1 முதலான கணக்கில், ‘பி’ பகுதியில் ஒரு நாளைக்கு முதல் படிக்கு 655 ரூபாய், செமி ஸ்கில்டுக்கு 739, ஸ்கில்டுக்கு 868, ஹைலி ஸ்கில்டுக்கு 954. இந்த மடலில் உள்ள கணக்கெல்லாம் இந்த ரேட்டில் போட்டவை. உங்கள் மாதத்துக்கு எந்தப் பஞ்சப்படி நடப்பில் இருக்கிறதோ அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படி யாருக்கு என்பதை நீங்களோ நாங்களோ மனம் போனபடி சொல்ல முடியாது. அறிவிப்பிலேயே வரையறை இருக்கிறது. அனுபவமோ திறமையோ பெரிதாகத் தேவைப்படாத எளிய வேலை முதல் படி. வேலையிலேயே பழகிப் பெற்ற ஓரளவு திறமையோடு, ஸ்கில்டு ஆள் ஒருவர் வழிகாட்டச் செய்யக்கூடியது செமி ஸ்கில்டு. அனுபவத்தாலோ தொழிற்பயிற்சியாலோ வந்த திறமையோடு, தானே முன்வந்து முடிவெடுத்துச் செய்ய வேண்டியது ஸ்கில்டு. வரையறை முழுக்க வேலையைப் பார்க்கிறது. ஆளிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பதை அது கேட்கவில்லை.

கம்பி வேலையில் அந்த ‘முடிவெடுத்தல்’ எங்கே இருக்கிறது என்பதைப் பொறியாளர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பில் பார்க்கும்போது அது மறந்துபோகிறது. 230-க்கு 450 மில்லிமீட்டர் பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கவர் 25, ரிங் 8 மில்லிமீட்டர் கம்பி. நான்கு பக்கமும் கவரைக் கழித்தால் ரிங்கின் வெளி அளவு 180-க்கு 400. சுற்றளவு 1160. இரண்டு கொக்கிக்கும் கம்பி விட்டத்தில் பத்து மடங்கு வீதம் 160 கூட்ட வேண்டும். 90 டிகிரி வளைவு மூன்றுக்கு இரண்டு மடங்கு வீதம் 48, 135 டிகிரி வளைவு இரண்டுக்கு மூன்று மடங்கு வீதம் 48 கழிக்க வேண்டும். வெட்ட வேண்டிய நீளம் 1224 மில்லிமீட்டர். வளைவுக்குக் கழிக்காமல் 1320-க்கு வெட்டினால் ரிங்குக்குப் பத்து சென்டிமீட்டர் கம்பி வீண். கொக்கியைக் கணக்கில் விட்டுவிட்டு வெட்டினாலோ கொக்கி கான்கிரீட்டுக்குள் பிடிக்காமல் நிற்கும். அளவுத் தாள் கையில் இருந்தாலும், எந்தக் கம்பியை எங்கே லேப் போடுவது, மிச்சத் துண்டை எதற்குப் பயன்படுத்துவது, பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கியடித்தால் எதை முதலில் இறக்குவது என்று நின்ற இடத்தில் தீர்மானிக்கிறவர் அந்த ஃபிட்டர்தான். ஸ்கில்டு வரையறை கேட்பது இதைத்தான்.

அவர் சாக்பீஸால் குறித்துக் கொடுத்த இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கிக் கட்டுகிறவர் செமி ஸ்கில்டு. கை பழகாமல் அந்த முறுக்கு நிற்காது, ஆனால் இடத்தை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. லாரியிலிருந்து கம்பி இறக்குகிறவர், துண்டு பொறுக்குகிறவர், கவர் பிளாக் எடுத்துத் தருகிறவர் ஆகியோர் முதல் படி. ஒரே செட்டில் மூன்று படியும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பெயர் எழுதுவதுதான் தவறு.

இதற்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எங்களுக்குத் தெரியும். ‘அவரிடம் ஐடிஐ சான்றிதழ் இல்லை’ என்பது முதல் பதில். வரையறையில் ‘அனுபவத்தாலோ பயிற்சியாலோ’ என்றுதான் இருக்கிறது. இரண்டில் ஒன்று போதும். ‘இந்தக் கூலிக்கு ஒத்துக்கொண்டுதான் வந்தார்’ என்பது இரண்டாவது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே செய்துகொண்ட எந்த ஒப்பந்தமும் செல்லாது. 1948 சட்டத்திலும் அப்படித்தான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து, தமிழ் எழுத்து தெரியாமல் கைநாட்டு வைத்தவரிடம் ‘ஒத்துக்கொண்டார்’ என்று சொல்வது நியாயத்துக்கும் பொருந்தாது.

மூன்றாவது பதில்தான் சற்று நின்று பார்க்க வேண்டியது: ‘மேஸ்திரிக்கு டன் கணக்கில் கொடுத்துவிட்டோம், ஆள் கூலி அவர் பொறுப்பு.’ கம்பி வேலையில் டன் ரேட்டு சாதாரண வழக்கம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அளவுக்கூலிக்கும் அடியில் நாள்கூலி என்ற தரை இருக்கிறது. இரண்டு ஃபிட்டர், இரண்டு கட்டுகிற ஆள், இரண்டு உதவியாள் கொண்ட செட்டுக்கு ஒரு நாள் தரை 1736, 1478, 1310 சேர்ந்து 4524 ரூபாய். ஆறு பேரையும் ஹெல்பராக எழுதினால் அது 3930 என்று தெரியும். டன் ரேட்டு பேசும்போது இந்த 3930-ஐ மனதில் வைத்துப் பேசினால், ரேட்டே 594 ரூபாய் பள்ளத்தில் தொடங்குகிறது. சென்ட்ரிங் முடியாமல் அரை நாள் கம்பிக்காரர்கள் சும்மா உட்கார்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். மேஸ்திரி கொடுக்கவில்லை என்றால் பொறுப்பு கான்ட்ராக்டருக்கும், அவரும் கொடுக்கத் தவறினால் வேலை நடக்கும் நிறுவனத்துக்கும் ஏறுகிறது.

பொறியாளர்களுக்குத் தனியாக ஒன்று. கம்பி வேலைக்கான விலை ஆய்வில் ஃபிட்டர் தர ஆளின் கூலியும் உதவியாளின் கூலியும் தனித்தனியாகவே சேர்க்கப்படுகின்றன. டெண்டர் மதிப்பீட்டில் ஸ்கில்டு கூலியை வைத்துவிட்டு, மஸ்டர் ரோலில் ஒரு ஸ்கில்டு ஆள்கூட இல்லாத பில்லைக் கடத்திவிடுவது எப்படி? ஆயிரக்கணக்கான ரிங் வளைக்கப்பட்டிருக்கிறது, வளைத்தவர் என்று ஒருவரும் பதிவில் இல்லை. மஸ்டர் ரோலையும் அளவுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஒரு ஃபிட்டருக்கு இதனால் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். நாளுக்கு 868-க்குப் பதில் 655 என்றால் 213 ரூபாய் குறைவு. வாராந்தர ஓய்வுநாள் கூலி இந்த நாள் ரேட்டிலேயே அடங்கியிருப்பதால் மாதத்துக்கு 26 நாள் கணக்கு. குறைவு 5538 ரூபாய். கான்கிரீட் போடும் அவசரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் ஓவர்டைம் என்றால், அது இரட்டிப்புக் கூலி. ஸ்கில்டு ரேட்டில் மணிக்கு 217 ரூபாய், ஹெல்பர் ரேட்டில் 163.75. வித்தியாசம் 53.25, மாதம் 52 மணிக்கு 2769 ரூபாய். இரண்டும் சேர்த்து மாதம் 8307. ஆறு மாத வேலையில் ஒரே ஒரு ஆளுக்கு 49,842 ரூபாய். ஓவர்டைமை இரட்டிப்பாகவே கொடுத்தேன் என்று சொல்கிற கான்ட்ராக்டரும் இங்கே மாட்டுவார்: தவறான படியை இரட்டித்தாலும் அது குறைவுதான்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடமும் உண்டு. ஃபிட்டர் எல்லா நாளும் எட்டு மணி நேரமும் கம்பி வேலை செய்வதில்லை. ஒரே ஆள் இரண்டு தர வேலை செய்தால், ஒவ்வொன்றிலும் செலவிட்ட நேரத்துக்கு அந்தந்த ரேட்டைக் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஐந்து மணி நேரம் கம்பி, மூன்று மணி நேரம் கான்கிரீட் சட்டி சுமந்தார் என்றால் 542.50-ம் 245.63-ம் சேர்ந்து 788.13 ரூபாய். ஆனால் அந்த ஐந்தும் மூன்றும் அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து பிரித்த மணிக்கணக்கு விசாரணையில் நிற்காது. 80 ரூபாயை மிச்சம் பிடிக்க மணிக்கணக்குப் பதிவேடு நடத்துவதைவிட, அந்த நாளுக்கு முழு ஸ்கில்டு கூலி கொடுப்பதே சுலபம் என்பது எங்கள் கருத்து. அதேபோல், நேற்று சேர்ந்த பையன் ஃபிட்டர் பக்கத்தில் நிற்பதால் மட்டும் ஸ்கில்டு ஆகிவிடமாட்டான். அப்படி நாங்கள் கேட்கவும் இல்லை.

பகுதி எல்லையையும் பாருங்கள். அதே ஃபிட்டர் உசிலம்பட்டிப் பக்கம் ‘சி’ பகுதியில் வேலை பார்த்தால் ஸ்கில்டு ரேட்டு 739. மதுரைக்குள் செமி ஸ்கில்டுக்குக் கொடுக்கும் தொகை அது. ஆளை வேறு சைட்டுக்கு மாற்றும்போது ரேட்டை வேலை நடக்கும் இடத்தின்படி மாற்றுங்கள், ஆபீஸ் முகவரியின்படி வேண்டாம். தனியார் வீடு, மாநில அரசுக் கட்டடம் ஆகியவற்றுக்கு இந்த அட்டவணை பொருந்தாது; அங்கே மாநில அரசாணையில் உள்ள வேலைப் பெயரும் ரேட்டும்தான்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மஸ்டர் ரோலில் படியை மட்டும் எழுதாமல் வேலையையே எழுதுங்கள்: ‘கம்பி அளந்து வெட்டி வளைத்தல்’, ‘கம்பி கட்டுதல்’, ‘கம்பி சுமத்தல்’. அப்படி எழுதினால் படி தானாகத் தெரியும். சம்பளச் சீட்டில் படி, நாள் ரேட்டு, ஓவர்டைம் மணி மூன்றும் தனித்தனியாக வரட்டும். அந்த மாத ரேட்டைத் தமிழிலும் இந்தியிலும் சைட் வாசலில் ஒட்டுங்கள்.

செய்யாவிட்டால் தொழிலாளி மத்தியத் தொழிலாளர் துறையில் கோரிக்கை மனு கொடுப்பார். பழைய சட்டத்தில் அதற்கு ஆறு மாதம்தான் கெடு. இப்போது மூன்று ஆண்டு. குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடம் உண்டு. கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. அங்கே உங்கள் பதிவேட்டில் ‘ஹெல்பர்’ என்றும், தொழிலாளியின் போனில் தேதியோடு அவர் ரிங் வளைக்கும் போட்டோவும் இருந்தால், எதை நம்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தொழிலாளர்களிடம் அந்தப் போட்டோவை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மாத மஸ்டர் ரோல் இன்னும் மூடப்படவில்லை. கம்பி செட்டின் பக்கத்தை எடுத்து, பெயர் பெயராகத் திருத்திவிட்டுச் சம்பளம் போடுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானத் தொழிலாளர்களின் கூலிக் கணக்கைப் பார்த்துத் தருகிறவர்கள்,
மதுரை