மழையிலும் மூடுபனியிலும் பிள்ளைகளை வண்டியில் அழைத்து வரும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. டிசம்பர் வரை மழை இருக்கும். அப்புறம் மார்கழி, தை மாதக் காலைகளில் ஏரிக்கரைச் சாலையில் மூடுபனி இறங்கும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் உங்கள் ஸ்கூட்டரின் பின்சீட்டிலும் காரிலும்தான் வருகிறார்கள். அதனால் மழையில் வண்டி ஓட்டுவது பற்றி இந்தக் கடிதத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பள்ளி செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். மழை பெய்யும் நாளிலும் மூடுபனி இருக்கும் நாளிலும் காலை 9.45 வரை வாசல் கதவு திறந்திருக்கும். அதற்குள் வரும் எந்தப் பிள்ளைக்கும் தாமதம் என்று குறிப்பு எழுத மாட்டோம். டைரியில் கையெழுத்தும் கேட்க மாட்டோம். முதல் பீரியடில் புதுப் பாடமோ தேர்வோ இருக்காது. ஆறு கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒன்பது நிமிடம் ஆகும், 25 கிலோமீட்டரில் வந்தால் பதினான்கரை நிமிடம் ஆகும். இடையில் இருப்பது ஐந்தரை நிமிடம்தான். மணி அடித்துவிடுமே என்று அதை மிச்சப்படுத்த யாரும் விரட்டிக்கொண்டு வர வேண்டாம்.

சரி, முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? முன்னால் பேருந்து, பின்னால் நீங்கள், இரண்டும் 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறோம். பேருந்தின் பிரேக் விளக்கு எரிந்ததைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகிவிடும். அதற்குள் உங்கள் வண்டி வேகம் குறையாமலே 17 மீட்டர் போயிருக்கும். இரண்டு வண்டிகளின் பிரேக்கும் ஒரே மாதிரி பிடித்தால்கூட இந்த 17 மீட்டர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். மழையில் பிரேக்குகள் அப்படி ஒரே மாதிரி பிடிப்பதும் இல்லை. பேருந்தின் டயர் புதிதாக இருந்து உங்கள் டயர் தேய்ந்திருந்தால் அது சீக்கிரம் நின்றுவிடும், நீங்கள் வழுக்கிக்கொண்டு போவீர்கள். பெரிய வண்டியின் சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் பிரேக் விளக்கையே மறைப்பதால், ஒன்றரை நொடி என்பதும் கூடிவிடும்.

அதனால் மழையில் நான்கு நொடி இடைவெளி விடுங்கள். காய்ந்த சாலையில் இரண்டு நொடி போதும் என்பார்கள், ஈரத்தில் அது இரட்டிப்பாக வேண்டும். நான்கு நொடி என்பது 40 கிலோமீட்டர் வேகத்தில் 44 மீட்டர், அதாவது நான்கு பேருந்தை வரிசையாக நிறுத்தினால் ஆகிற நீளம். ஓட்டிக்கொண்டே மீட்டர் கணக்கெல்லாம் பார்க்க முடியாது. முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாக எண்ணுங்கள். ‘ஆயிரத்து நான்கு’ சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தை அடைந்துவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். பின்னால் இருக்கும் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள், சந்தோஷமாக எண்ணுவார்கள்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ‘அவ்வளவு இடம் விட்டால் நம் ஊரில் எவனாவது நடுவில் நுழைந்துவிடுவானே?’ நுழையத்தான் செய்வார்கள். நுழையட்டும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் விட்டு, அவருக்குப் பின்னால் மறுபடி நான்கு நொடி விடுங்கள். ஒவ்வொருவரால் உங்களுக்கு ஆகும் தாமதம் நான்கைந்து நொடிதான். பத்துப் பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது.

மழை தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் அந்த நேரத்தில்தான் தண்ணீரோடு குழைந்து வழுக்கும், நன்றாகக் கொட்டிய பிறகு கழுவிப் போய்விடும். இருசக்கர வண்டிக்கு வெள்ளைக் கோட்டுப் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி ஆகியவற்றின் மேல் பிரேக் பிடிப்பதும் வண்டியைத் திருப்புவதும் ஆகாது.

அடுத்தது விளக்கு. மழையில் விளக்கு முக்கியமாக மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்காக. பகலானாலும் வைப்பர் ஓடும்போது ஹெட்லைட் டிம்மில் எரிய வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். அதற்கு முந்தைய வண்டி என்றால் நீங்கள்தான் போட வேண்டும். புதுக் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்பக்கம் பகலில் தானாக எரியும் சின்ன வெள்ளை விளக்கைப் பார்த்து ‘லைட் எரிகிறது’ என்று நினைத்துவிடுகிறோம். பல கார்களில் அது எரியும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிவதில்லை. வெளுப்பு நிறக் கார் ஒன்று பின்விளக்கு இல்லாமல் கொட்டும் மழையில் போனால் பின்னால் வருபவருக்குக் கிட்டே வந்த பிறகுதான் தெரியும். ஒருமுறை வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள்.

ஸ்கூட்டரில் பின்விளக்கை மறைப்பது பெரும்பாலும் பிள்ளையின் மழைக்கோட்டுதான். புத்தகப் பை நனையக் கூடாது என்று பைக்கும் சேர்த்துப் பெரிய கோட்டாகப் போட்டுவிடுகிறோம். அதன் ஓரம் சீட்டைத் தாண்டி வழிந்து விளக்கின் மேலும் நம்பர் பிளேட்டின் மேலும் திரை போல விழுகிறது. இதில் இரட்டை ஆபத்து உண்டு, தொங்கும் ஓரம் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் பிள்ளையையும் சேர்த்து இழுத்துவிடும். பையை முன்னால் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். கோட்டின் ஓரத்தைப் பிள்ளையின் தொடைக்கு அடியில் மடக்கி உட்காரச் சொல்லுங்கள். மேல்சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக இருக்கும் மழையுடை இதற்கெல்லாம் நல்லது.

நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டுக்கொண்டு மழையில் ஓட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால், உண்மையிலேயே பழுதாகி நிற்கிற வண்டி எது, ஓடுகிற வண்டி எது என்று தெரியாது. நீங்கள் இடப்பக்கம் திரும்புகிறீர்களா, வலப்பக்கமா என்பதும் யாருக்கும் தெரியாது.

மூடுபனியிலும் டிம்தான். பிரைட் போட்டால் தூரம் தெரியும் என்று தோன்றும், ஆனால் ஒளி பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்து வெள்ளைச் சுவராக நிற்கும். மூடுபனியில் வேகத்துக்கு ஒரே கணக்குதான்: கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். ஈரச் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், பார்த்ததிலிருந்து நிற்பதற்கு ஏறத்தாழ 21 மீட்டர் வேண்டும். 40 என்றால் 32 மீட்டர், 60 என்றால் கிட்டத்தட்ட 60 மீட்டர். தெருவிளக்குக் கம்பங்களுக்கு இடையே பெரும்பாலும் 30 மீட்டர் அளவில் இருக்கும். ஒரு கம்பத்தில் நின்றால் அடுத்த கம்பம் மட்டும்தான் தெரிகிறது என்றால் 40கூட அதிகம், 30-க்குக் கீழே வாருங்கள். ஏரிக்கரைச் சாலை போல ஒற்றைச் சாலையில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும் என்பதால் இன்னும் குறையுங்கள். பனியில் பக்கத்து மரம், வீடு எதுவும் தெரியாததால் மெதுவாகப் போவது போலவே மனதுக்குப் படும், மீட்டரைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டிப் போவதும் வேண்டாம், அவர் எதிலாவது மோதினால் நீங்களும் மோதுவீர்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் சாலையை விட்டு முழுவதுமாக இறங்கி நில்லுங்கள், வண்டி ஓடும் பாதையின் ஓரத்தில் நிற்காதீர்கள்.

கடைசியாகத் தேங்கிய தண்ணீர். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துபோனார். சுரங்கப்பாதையில் நடுப்பகுதிதான் ஆழம், ஓரத்தில் நின்று பார்க்கும்போது அது தெரியாது. தண்ணீருக்கு மேல் நின்று பார்த்து ஆழம் சொல்ல யாராலும் முடியாது. அதனால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எவ்வளவு என்று யோசிக்கவே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

மற்ற இடங்களில் 15 சென்டிமீட்டர் தண்ணீரே பல கார்களின் அடிப்பாகத்தைத் தொட்டுவிடும். 30 சென்டிமீட்டரில், அதாவது பெரியவர்களுக்குக் கெண்டைக்கால் அளவில், பல கார்கள் மிதக்கத் தொடங்கும். மிதந்துவிட்டால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் எதற்கும் உதவாது. ஏரி நிரம்பிச் சாலை மேல் தண்ணீர் ஓடினால் இதைவிடக் குறைந்த ஆழமே போதும், வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், அடியில் சாலை அரித்துப்போயும் இருக்கலாம். எதிரே ஒருவர் கடந்து வந்துவிட்டார் என்பதை வைத்து இறங்காதீர்கள், அவர் வண்டியின் உயரம் வேறு.

இன்ஜின் தண்ணீருக்குள் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று போகும் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். பிஸ்டனால் காற்றை அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது, உள்ளே கம்பி வளைந்து இன்ஜினே போய்விடும். காருக்குள் தண்ணீர் ஏறுகிறது என்றால் இன்ஜினைப் பற்றிய கவலையை விடுங்கள். உடனே எல்லாருடைய சீட்பெல்ட்டையும் கழற்றி, கண்ணாடியை இறக்கி, பிள்ளையை முதலில் வெளியே அனுப்புங்கள். கதவோடு போராட வேண்டாம். வெளியே கதவின் அடி ஓரத்திலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே கதவை அது நூறு கிலோவுக்கு மேல் எடையோடு அழுத்தும். பவர் விண்டோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வேலை செய்யும், யாருக்காவது போன் செய்து பேசிக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும்.

கணுக்கால் அளவுத் தண்ணீரைக் கடந்து வந்தால்கூட பிரேக் நனைந்து பிடிமானம் குறைந்திருக்கும். மெதுவாகப் போய்க்கொண்டே இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து விட்டால் காய்ந்துவிடும்.

வழியில் தண்ணீர் நின்று நீங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டால் வகுப்பாசிரியருக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள், அன்றைக்கு விடுப்புக் கடிதம் தேவையில்லை. மாலையில் மழை வலுத்தால் பிள்ளையை அழைத்துப் போக அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். மழை நாளில் இரண்டு ஆசிரியைகளும் நானும் மாலை 6.30 வரை பள்ளியில் இருப்போம். பிள்ளைகள் நூலக அறையில் இருப்பார்கள், சுண்டலும் பாலும் கொடுப்போம். அதற்கும் தாமதமாகும் என்றால் அலுவலக எண்ணுக்குச் சொல்லுங்கள், நீங்கள் வரும்வரை இருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்