ஈரக் காராமணியும் வயிறு உப்புசமும்

மாதவரம்,
ஐப்பசி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை, தெருவெல்லாம் தண்ணீர். நீ இரண்டு கலப்பின மாடு வாங்கியது சந்தோஷம். ஆனால் "மழை விட்டதும் காலையிலேயே காராமணியில் அவிழ்த்துவிடப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் அவசரமாக இந்தப் பதில்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அண்ணனுக்கு வடபெரும்பாக்கம் பக்கம் கொட்டகை. ராத்திரி நல்ல மழை. விடியற்காலையில் பசியோடு நின்ற மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, பக்கத்தில் பூ விடாத இளங்காராமணிக்குள் போய்விட்டது. ஓட்டி வந்தபோது, "வயிறு முட்ட மேய்ந்திருக்கிறது, சாயந்திரம் பால் கூடும்" என்றார் அண்ணன்.

நான் மாட்டின் பின்னால் போய் நின்று பார்த்தேன். இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ளங்கை அளவு ஒரு பள்ளம் இருக்குமே, அது தூர்ந்து சமமாகிவிட்டது. அசைபோடவில்லை. பின்னங்காலால் வயிற்றை உதைத்தது, படுத்தது, உடனே எழுந்தது. நீ கவனிக்க வேண்டிய நேரம் இதுதான். இன்னும் முற்றினால் இடது பக்கம் முதுகெலும்புக்கு மேலே புடைக்கும், வலது பக்கமும் உப்பும். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, எச்சில் ஒழுக மூச்சு வாங்கும். உப்பிய வயிறு நுரையீரலை அழுத்துவதால் வரும் மூச்சுத்திணறல் அது. அந்தக் கட்டம் வந்துவிட்டால் நிமிடக் கணக்குதான்.

மாடு சாதாரணமாக ஏப்பம் விட்டே காற்றை வெளியேற்றிவிடும். இளம் பயறு இலையில் உள்ள புரதம் வயிற்றுக்குள் நுரை கட்டும். கடைந்த மோரின் நுரை மாதிரி, காற்று குமிழ் குமிழாகச் சிக்கிக்கொள்ளும், ஏப்பமாக வராது. ஈரத் தழையை மாடு மெல்லாமல் வேகமாக விழுங்குவதால் நுரையை அடக்கும் எச்சிலும் குறைவாகத்தான் இறங்கும். பசி மாடு என்றால் கேட்கவே வேண்டாம்.

அண்ணன் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் போட்டார். என்ன தின்றது, எப்போது தின்றது, ஒரு பக்கமா இரு பக்கமா உப்பியிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம். டாக்டர் வர நேரமாகும் என்று தெரியும். மாட்டைப் படுக்கவிடாமல், முன்னங்கால் மேட்டிலும் பின்னங்கால் பள்ளத்திலும் இருக்கும்படி நிறுத்தினோம். வேப்பங்குச்சியைக் கடிவாளம் போல வாயில் குறுக்கே வைத்துக் கொம்பில் கட்டினோம். அதை மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறும், ஏப்பத்துக்கும் வழி பிறக்கும்.

அப்புறம் கடலை எண்ணெய். பெரிய மாட்டுக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை கொடுக்கலாம், நல்லெண்ணெயும் ஆகும். எண்ணெய் நுரையை உடைக்கும். ஊற்றுகிற விதத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். தலையை ரொம்பத் தூக்காதே, நாக்கை இழுத்துப் பிடிக்காதே. கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்க நேரம் கொடு. இருமினால் உடனே நிறுத்து. நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் அது தனி வியாதி. விழுந்து கிடக்கிற மாட்டுக்கும், விழுங்க முடியாத மாட்டுக்கும் வாயில் எதையும் ஊற்றவே கூடாது.

இதற்குள் ஒருவர் மண்ணெண்ணெயோடு வந்தார், இன்னொருவர் கத்தியால் குத்திக் காற்றை விடலாம் என்றார். யோசனைக்கா நம் ஊரில் பஞ்சம்! இரண்டையும் தடுத்தேன். நுரை உப்புசத்தில் குத்தினாலும் ஓட்டையை நுரையே அடைத்துக்கொள்ளும். வயிற்றுக்குள் இருப்பது கசிந்து சீழ் பிடிக்கும். உயிர் போகும் நிலையில் எங்கே, எதனால் துளைப்பது என்பது டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. டாக்டர் வந்து, வாய் வழியே குழாய் செலுத்தி, நுரை அடக்கும் மருந்தை விட்டார். மாடு நீளமாக ஏப்பம் விட்ட பிறகுதான் அண்ணன் உட்கார்ந்தார். அடுத்த நாள் வரை வைக்கோல் மட்டும் போடச் சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

ஒன்று மறந்துவிடாதே. மாங்கொட்டையோ கிழங்குத் துண்டோ தொண்டையில் அடைத்தாலும் வயிறு உப்பும். எச்சிலாக ஒழுக்கிக்கொண்டு, விழுங்க முயன்று முயன்று தவிக்கும். அதற்கு எண்ணெய் கேட்காது, ஊற்றினால் ஆபத்து. டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

உன் மாடுகளுக்குக் காலையில் முதலில் வைக்கோல் போடு. பசி அடங்கி, தழையில் ஈரம் காய்ந்த பிறகு கொஞ்ச நேரம் மட்டும் மேயவிடு. குதிரை மசால் மாதிரிப் பயறுவகைத் தீவனத்தை அறுத்து வாடவிட்டு, சோளத்தட்டையோடு கலந்து போடுவது இன்னும் நல்லது. கொட்டகையில் ஒரு பாட்டில் கடலை எண்ணெயை மூடி வை. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எவ்வளவு தூரம் என்று விசாரித்து எனக்கும் எழுது.

அன்புடன்,
சேகர்